கவுன்சிலிங் கேட்டு எழுதும்போது தேதிகளை எழுதுங்கள்

பள்ளியில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிள்ளைக்கு கவுன்சிலிங் வேண்டும் என்று பெற்றோர் எழுதும் கடிதங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான கடிதங்களில் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது, பிள்ளையைப் பற்றிய செய்தி இல்லை. அதனால் முதல் இரண்டு மூன்று சந்திப்புகள், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை நான் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகின்றன. பதின்ம வயதுப் பிள்ளை நம்மிடம் பேசச் சம்மதிக்கிற நேரம் மிகக் கொஞ்சம், அது இப்படிக் கரைவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஒரு கடிதத்தைக் காட்டுகிறேன். பலர் எழுதியதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியது.

"மதிப்பிற்குரிய மேடம், என் மகள் தங்கள் பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்ச நாளாகப் படிப்பில் கவனம் இல்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். எந்நேரமும் போன். அடிக்கடி பொய்க் காரணம் சொல்லி லீவு போடுகிறாள். நான் எழுதியதாகத் தெரியாமல் தாங்கள் அவளை அழைத்து நல்ல புத்தி சொல்லித் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதை எழுதிய அம்மாவின் கவலை உண்மையானது. ஆனால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? கவனம் இல்லை, எரிந்து விழுகிறாள், போன் பார்க்கிறாள் என்பதெல்லாம் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். "பொய்க் காரணம்" என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் என்ன காரணம் சொன்னாள் என்பது கடிதத்தில் இல்லை. எனக்கு வேண்டியதே அதுதான்.

அதைவிடச் சிக்கல், "நான் எழுதியதாகத் தெரியாமல்" என்ற வரி. ஒரு 14 வயதுப் பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்து, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று நான் ஆரம்பித்தால், அவள் நம்ப மாட்டாள். யார் போட்டுக்கொடுத்தது, டீச்சரா, தோழியா, அம்மாவா என்று தேடத் தொடங்குவாள். சில நாளில் கண்டுபிடித்தும் விடுவாள். அப்புறம் அம்மாவையும் நம்ப மாட்டாள், என்னையும் நம்ப மாட்டாள். இந்த மாதிரி ஒளிவுமறைவோடு தொடங்கிய கவுன்சிலிங் உருப்படியாகப் போய் நான் பார்த்ததில்லை. அதனால் கடிதம் எழுதுவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. "நீ சரியாகத் தூங்குவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது, உன் ஸ்கூல் கவுன்சிலிங் மேடத்திடம் ஒருமுறை பேசிப் பார்க்கிறாயா, நான் அவருக்கு எழுதப்போகிறேன், எழுதியதை நீயே படித்துப் பார்" என்றால் போதும். முறைத்துக்கொண்டு போகட்டும், பரவாயில்லை. முறைத்துக்கொண்டு வரும் பிள்ளையோடு பேசலாம், ஏமாற்றி அழைத்துவரப்பட்ட பிள்ளையோடு பேசுவதுதான் கஷ்டம்.

சரி, அந்த அம்மாவை நேரில் உட்கார வைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை விடுங்கள், கண்ணால் என்ன பார்த்தீர்கள், எப்போதிலிருந்து, அதை மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டால் கடிதம் எப்படி மாறும் என்று பாருங்கள்.

"ஜூலை கடைசி வாரத்திலிருந்து மகளிடம் மாற்றம் தெரிகிறது. இரவு 10 மணிக்குத் தூங்கிவிடுபவள் இப்போது 1 மணி வரை விழித்திருக்கிறாள். காலையில் வயிற்று வலி என்கிறாள். அப்படி லீவு எடுத்த நாட்கள்: ஆகஸ்ட் 5, 12, 21, 26, செப்டம்பர் 4. பத்து, பதினொரு மணிக்கு மேல் வலி இருப்பதில்லை. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டினோம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன. மதிய டப்பா பல நாள் அப்படியே திரும்பி வருகிறது, வீட்டுக்கு வந்தவுடன் நன்றாகச் சாப்பிடுகிறாள். பாட்டு வகுப்புக்கு வழக்கம்போலப் போகிறாள். கடந்த ஆண்டுவரை ஊரில் தமிழ் வழியில் படித்தாள், ஜூன் மாதம்தான் இங்கே சேர்த்தோம். அவள் அப்பா மே மாதம் வேலைக்காக வெளிநாடு போனார். தங்களிடம் பேசுவது பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறேன். கணக்கு வகுப்பு நேரத்திலும் பாட்டு வகுப்பு நேரத்திலும் கூப்பிட வேண்டாம் என்கிறாள். என்னை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்."

இந்தக் கடிதத்தில் 'மன அழுத்தம்' என்ற வார்த்தையே இல்லை. ஆனால் அவளைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு நிறைய தெரிந்துவிட்டது. வீட்டில் சாப்பிடுகிறாள், பள்ளியில் சாப்பிடவில்லை. பாட்டு வகுப்புக்கு ஆசையாகப் போகிறாள், அதனால் எல்லாவற்றிலும் விருப்பம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வலி காலையில் வந்து, லீவு உறுதியான பிறகு போகிறது. (இதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் வருகிற வயிற்று வலி உண்மையிலேயே வலிக்கும்.) அப்புறம் தேதிகள். காலண்டரை எடுத்துப் பார்த்தால் 5, 12, 26 செவ்வாய்க்கிழமை. 21-ஆம் தேதியும் செப்டம்பர் 4-ஆம் தேதியும் வியாழன். திங்கள், புதன், வெள்ளி ஒன்றுகூட இல்லை. அந்த வகுப்பின் டைம்டேபிளில் செவ்வாயும் வியாழனும் மட்டும் இருப்பது என்ன? ஆங்கிலத்தில் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக வாசிக்கும் பீரியட்.

இதைக் கொண்டு நான் முடிவுக்கு வந்துவிட மாட்டேன். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் யாரோ வரலாம், வேறு ஏதாவது இருக்கலாம். ஆனால் "ஏன் படிக்க மாட்டேன்கிறாய்" என்று ஆரம்பிப்பதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததும் எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிக்க முடியும். முதல் கேள்விக்குப் பிள்ளைகள் தோளைக் குலுக்குவார்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்பா வெளிநாடு போன வரியைப் பலர் எழுத மாட்டார்கள். வீட்டு விஷயம் பள்ளிக்கு எதற்கு என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கணவன் மனைவி பிரிந்திருப்பது, கடன், தாத்தா இறந்தது, எதுவானாலும் விவரம் வேண்டாம், நடந்தது என்ற ஒரு வரியும் மாதமும் போதும். அது இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் மட்டுமே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

மருத்துவரைப் பார்த்த வரியும் முக்கியம். சோர்வு, தலைசுற்றல், படிக்க முடியவில்லை என்று வரும் பெண் பிள்ளைகளில் சிலருக்கு ரத்தசோகை இருக்கும், சிலருக்குத் தைராய்டு. அதைப் பேசிச் சரிசெய்ய முடியாது. பள்ளி ஆலோசகர் நோய்க்குப் பெயர் வைப்பவரும் இல்லை, மாத்திரை கொடுப்பவரும் இல்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம்.

கடிதம் எந்த வழியில் போகிறது என்பதையும் கவனியுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு, வகுப்பு ஆசிரியர் வழியாக, தலைமையாசிரியர் வழியாக என்று அனுப்பி நமக்குப் பழக்கம். டைரியில் எழுதி அனுப்பினால் அதை வகுப்பு ஆசிரியர் படிப்பார், பக்கத்து பெஞ்சும் படிக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தவறிப் போட்டுவிட்டு அழித்த கதைகளும் உண்டு. ஆலோசகரின் மின்னஞ்சலைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கி நேரடியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒட்டிய உறையில் ஆலோசகர் பெயர் எழுதிக் கொடுங்கள். பிள்ளையை எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் ஒரு வரி கேட்கலாம். வகுப்பு வாசலில் நின்று "கவுன்சிலிங்குக்கு வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். நூலகத்துக்கு வரச் சொல்லி ஒரு சீட்டு போதும்.

இனி பலருக்குப் பிடிக்காத விஷயம். "அவள் சொல்வதை அப்படியே எனக்குத் தெரிவிக்கவும்" என்று எழுதாதீர்கள். நான் தெரிவிக்க மாட்டேன். பெற்றோருக்கு என்ன சொல்லப்போகிறேன் என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்துவிட்டுத்தான் உங்களை அழைப்பேன். மேலே சொன்ன பெண்ணின் விஷயத்தில் அது இப்படி இருக்கும்: "வகுப்பில் சத்தமாக வாசிப்பது அவளுக்குப் பெரிய பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் அவளை எழுப்ப வேண்டாம் என்று ஆங்கில ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன், முதலில் என் அறையில் ஒரு தோழியோடு வாசித்துப் பழகுவாள், வீட்டில் இதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம்." யார் சிரித்தார்கள், என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்பது அவள் விருப்பப்பட்டால் அவளே உங்களிடம் சொல்வாள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, பிள்ளைக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவோம். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து தெரிந்தால் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். எனக்கும் அதில் விருப்பம் விருப்பமின்மை என்ற பேச்சே இல்லை.

சில விஷயங்களுக்குக் கடிதமே எழுதக் கூடாது. கையில் வெட்டுக் காயம் பார்த்தீர்கள், "நான் இல்லாமல் போனால் நிம்மதி" என்று சொன்னாள், தனக்குப் பிடித்த பொருட்களை எல்லோருக்கும் கொடுக்கிறாள், இப்படி என்றால் அன்றைக்கே நேரில் வாருங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, 24 மணி நேரமும் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிள்ளைகள் தாங்களாகவே அழைக்கக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

எங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆலோசகரே இல்லையே என்று கேட்பவர்களுக்கு: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அதுவரை அதே கடிதத்தை, அதே தேதிகளோடு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே கூட்டம் அதிகம், மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால், வரிசையில் நின்ற பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாது.