முடி கருகும் வாடை எதைச் சொல்லும்?

"நூலை எரிச்சா முடி கருகுற வாடை வரணும். வந்தா அசல் கைத்தறிப் பட்டு, அம்மாவுக்குத் தைரியமா எடுக்கலாம்."

பாதிதான் சரி. வாடை பட்டு நூலைக் காட்டும், தறியைக் காட்டாது. விசைத்தறிப் பட்டும் அப்படித்தான் கருகும். முந்தானைக் குஞ்சத்தில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல். அதை மட்டும் எரித்தால் குறுக்கே ஓடும் ஊடையில் பாலியஸ்டர் இருப்பது தெரியாது. ஊடையிலும் ஓர் இழை உருவுங்கள்: பட்டுச் சாம்பல் விரலில் பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு!)

சில்க் மார்க் முத்திரை பட்டுக்கு மட்டும்தான். கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு, அதைக் கேளுங்கள்.

அப்புறம், நெல்லை ஆனித் தேரோட்ட நெரிசலில் பட்டு கசகசக்கும் என்கிற அம்மாவுக்கு வீரவநல்லூர்ப் பருத்திச் சேலை எடுக்கலாம். எரித்தால் காகித வாடைதான் வரும், அதுவும் கைத்தறியே.