நம்பர் எந்தப் பக்கம் போகணும்?

எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். ரத்தம் கொடுக்க ஆள் தேடுவதற்காக எங்கள் வார்டு பையன் ஒருவன் சொந்தமாக ஒரு ஆப் செய்திருக்கிறான். கொடுப்பவரின் நம்பரை அதில் எல்லாருக்கும் காட்டலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். நான் சொன்னது பாதிப் பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொன்னால் இடையில் வெட்டி விடுகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

பழைய பட்டியலை வைத்திருந்தவன் நான்தான். முதலில் நாற்பது பக்க நோட்டு, பிறகு எக்செல், பிறகு அந்த எக்செல்லையே வாட்சப் குழுவில் போட்டது. பெயர், வயது, ரத்த வகை, தெரு, செல் நம்பர். நானூறு சொச்சம் பேர். "எல்லாருக்கும் உபயோகப்படட்டுமே" என்று நானே ஃபார்வர்டு பண்ணினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தது ஒரு பிள்ளை என்னைக் கூப்பிட்டபோதுதான்.

அவள் நர்சிங் படிக்கிறவள், ஓ நெகட்டிவ். இந்தியாவில் நெகட்டிவ் வகை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் உண்டு, அதிலும் ஓ நெகட்டிவ் இன்னும் அபூர்வம். எங்கள் பட்டியலில் ஏழு பேர், அதில் பெண் இவள் ஒருத்திதான். யாரோ பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "அவசரம், திருவனந்தபுரத்தில் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் வேண்டும், இவரை அழைக்கவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு ரத்தம் கிடைத்து, குணமாகி, வீட்டுக்கும் போய்விட்டது. அந்தச் செய்தி மட்டும் போகவில்லை. மூன்று மாதம் சுற்றியது.

"அண்ணே, ராத்திரி பதினொண்ணரைக்கு எல்லாம் கூப்பிடுதாவ. முடியாதுன்னு சொன்னா ஏசுதாவ. ஒருத்தன் ரத்தத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல, நீ எந்த ஹாஸ்டல்னு கேக்கான். எனக்க நம்பரை எடுத்துரணும், கேட்டியளா?"

எடுத்துவிட்டேன். என்னிடமிருந்த பிரதியிலிருந்து மட்டும். மற்ற பிரதிகள் எத்தனை போனில் இருக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள்தான் கடைசியில் நம்பரையே மாற்றினாள்.

ஆகவே இந்த ஆப்பில் "தேடு" என்று அழுத்தினால் பெயரும் நம்பரும் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பையன் சொல்லும் காரணம் எளிமையானது. அவசரத்தில் ஒருவன் நிற்கும்போது நேரடியாகக் கூப்பிட முடிந்தால்தானே பிரயோஜனம் என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்த வங்கிக்குள் நடப்பது வேறு.

நீங்கள் இப்போது போய்க் கொடுக்கும் ரத்தம் பத்து நிமிடத்தில் பக்கத்து வார்டு நோயாளிக்கு ஏறாது. எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலை (பி, சி), சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் சோதித்த பிறகுதான் அந்தப் பையை வெளியே விடலாம். ரத்த வகையைத் திரும்பப் பார்க்க வேண்டும், நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்று கிராஸ் மேட்ச் செய்ய வேண்டும், சிவப்பணு வேறு பிளேட்லெட் வேறு என்று பிரிக்க வேண்டும். எல்லாம் முடிய மணிக்கணக்கில் ஆகும். விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு அந்த நிமிடத்தில் ஏறுவது ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருக்கும் பை. நம்மைக் கூப்பிடுவது பெரும்பாலும் அந்தக் காலி இடத்தை நிரப்ப, இல்லையென்றால் நாளை மறுநாள் ஆபரேஷனுக்கு. அப்படியானால் கொடுப்பவரின் நம்பர் ஊருக்கே திறந்து கிடப்பதால் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களால் நோயாளிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொரு விஷயம். கூட்டத்தில் எல்லாரும் "டோனரை வெரிஃபை பண்ணணும், வெரிஃபை பண்ணணும்" என்றார்கள். ஆதார் வாங்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. என்னுடைய அனுபவத்தில் முதலில் சரிபார்க்க வேண்டியது கேட்கிறவரை. கொடுப்பவர் ரத்த வகையில் பொய் சொன்னால் ரத்த வங்கியில் பிடித்துவிடுவார்கள். கேட்பவர் பொய் சொன்னால் பிடிக்க யாருமில்லை.

நான் சொல்லும் முறை இதுதான். கேட்கிறவர் ஆப்பில் ஆஸ்பத்திரி பெயர், நோயாளியை அட்மிட் செய்தபோது தந்த ஐபி எண், என்ன வேண்டும், எத்தனை யூனிட் என்று பதிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தக் கோரிக்கைப் படிவத்தைப் படமெடுத்துப் போட வேண்டும். எங்களில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குக் கூப்பிடுவார். கோரிக்கையில் கொடுத்திருக்கும் நம்பருக்கு அல்ல, நாமே தேடி எடுத்து வைத்திருக்கும் லேண்ட்லைனுக்கு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜானாலும் சரி, மார்த்தாண்டத்தில் தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இந்த ஐபி எண்ணுக்குக் கோரிக்கை வந்திருக்கிறதா, அதே வகைதான் வேண்டுமா இல்லை எந்த வகை கொடுத்தாலும் போதுமா. இரண்டாவது கேள்வியில் பாதி அலைச்சல் குறைந்துவிடும். ஏபி நெகட்டிவுக்காக நாம் மாவட்டம் முழுக்கத் துழாவிக்கொண்டிருப்போம், அங்கே ஸ்டாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு பதிலுக்கு எதையாவது கொடுங்கள் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பல நேரம் போனை எடுப்பதில்லை. நோயாளி விவரத்தைப் போனில் சொல்ல மாட்டோம் என்பவர்களும் உண்டு, அது அவர்கள் கடமையும்கூட. அப்போது முத்திரை வைத்த படிவத்தை மட்டும் நம்பித்தான் ஆக வேண்டும். ஏமாற வாய்ப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சரிபார்த்த பிறகு ஆப் ஊர் முழுக்கக் கூவக் கூடாது. இரண்டு யூனிட் என்றால் அந்த வகையில் ஆறு பேருக்கு மட்டும் தகவல் போகட்டும். ஒரு மணி நேரத்தில் ஆள் சேரவில்லை என்றால் அடுத்த ஆறு பேர். வருகிறேன் என்று அழுத்துபவருக்கு ஆஸ்பத்திரியும் ஐபி எண்ணும் தெரியும். அவர் நேராக ரத்த வங்கிக்குப் போய் "இந்த ஐபி எண்ணுக்குக் கொடுக்க வந்திருக்கேன்" என்றால் போதும். நோயாளியோடு இருப்பவருக்கு "ஒருவர் மூன்று மணிக்கு வருகிறார்" என்று மட்டும் போகும். இவர் நம்பர் அவரிடம் போக வேண்டாம், அவர் நம்பர் இவரிடமும் வர வேண்டாம். 24 மணி நேரத்தில் யாரும் புதுப்பிக்காவிட்டால் கோரிக்கை தானாக மூடிக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் போன் வந்ததற்குக் காரணமே செய்தியில் காலாவதி இல்லாததுதான்.

இதில் காசு விவகாரமும் அடங்கிவிடும். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி முதல் நிறுத்தியாகிவிட்டது. ஆனால் "கிளம்பிட்டேன், வண்டிக்கு ரெண்டாயிரம் போடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனை அணைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நம்பர் எங்கிருந்து கிடைக்கிறது? நோயாளியின் உறவினர் பதறிப்போய் பொதுவில் போடும் பதிவிலிருந்துதான்.

சரி, கொடுப்பவரைச் சரிபார்க்கவே வேண்டாமா? வேண்டும், கொஞ்சம்போல. எங்கள் பட்டியலில் ஒரு அண்ணன் பல வருஷமாக பி நெகட்டிவ். ஏதோ ஒரு லேபில் எழுதிக் கொடுத்த சீட்டு அப்படி. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு நாகர்கோவில் போனவருக்கு ரத்த வங்கியில் "நீங்க பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டார்கள். லேப்காரர் மீதும் குற்றமில்லை. அவருக்கு இருப்பது வீக் டி. சாதாரணச் சோதனையில் நெகட்டிவ் மாதிரித் தெரியும், ரத்த வங்கியில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும்போது பாசிட்டிவ் என்று வரும். கொடுப்பவராக அவர் பாசிட்டிவ். அவருக்கே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் பொதுவாக நெகட்டிவ்தான் கொடுப்பார்கள். ஸ்கூல் ஐடி கார்டு, டிரைவிங் லைசென்ஸ் எதையும் நம்ப வேண்டாம், முன்பு ரத்தம் கொடுத்தபோது ரத்த வங்கி தந்த டோனர் கார்டைப் பார்த்தால் போதும். பார்த்து டிக் அடித்துவிட்டுப் படத்தை அழித்துவிடலாம். ஆதார் எதற்கு? ஆதாரில் ரத்த வகையா இருக்கிறது?

இனி சொல்லப்போவதில் தப்பு என்னுடையது. எங்கள் ஆப்பில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு புள்ளி. சிவப்பு என்றால் "இப்போது கொடுக்க முடியாது." அதற்குக் கீழே கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதால் தேதி வைத்திருக்கிறான். ஆப் வருவதற்கு முன் என் எக்செல்லிலும் இதே சிவப்பு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்கும் ஒரு தம்பி திடீரென்று வரவில்லை. நான் சிவப்பு அடித்துவிட்டு, குழுவில் எல்லாரும் பார்க்க, "என்ன தம்பி, பேங்கில் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான். அவன் பச்சை குத்தியிருந்தான், அதற்கு ஒரு வருஷம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அப்போது அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் யாரோ, "அந்தப் பையன் ரத்தத்தை எடுக்க மாட்டேங்காவளாமே, என்ன சீக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி ஆறிப்போனது.

ரத்த வங்கி சோதனை முடிவை அந்த ஆளிடம் தனியாகத்தான் சொல்லும். அங்கே காக்கிற ரகசியத்தை நாம் ஒரு சிவப்புப் புள்ளியில் அவிழ்த்துவிடுகிறோம். நாளை ஒருவருக்கு நிஜமாகவே மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது தெரிந்து அவர் நிரந்தரமாக நின்றுவிட்டால், அந்தப் புள்ளி ஆயுசுக்கும் சிவப்பாகவே நிற்கும். ஊர் கணக்குப் போடாதா? தேதி ஆப்புக்குள்ளே இருக்கட்டும், யார் கண்ணிலும் பட வேண்டாம். அழைக்க வேண்டாம் என்று அவரே அணைத்துக்கொள்ளட்டும், ஏன் என்று ஆப் கேட்கவே கூடாது.

தூரம் காட்டுவதும் அப்படித்தான். "2.3 கி.மீ." என்று காட்டுகிறது, அழகாக இருக்கிறது. தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்று பார், பிறகு வில்லுக்குறியில், பிறகு திங்கள்சந்தையில். மூன்று தூரத்துக்கும் வட்டம் போட்டால் மூன்றும் சந்திக்கும் இடத்தில் அவர் வீடு. பையனுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டினேன், அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவன் அங்கேதான் அமைதியானான். பஞ்சாயத்துப் பெயர் போதும், அதுவும் ஆப்புக்கு மட்டும்.

விலகுவதையும் சேர்வதைப் போலவே எளிதாக்கச் சொன்னேன். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் அதைத்தான். இதை யாரும் மறுக்கவில்லை.

மறுத்தது வேறு ஒன்றை. "எல்லாம் சரி அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்குக் கோரிக்கை வந்தா ரத்த வங்கிக்குக் கூப்பிட்டுச் சரிபாக்கது யாரு?" என்று கேட்டான் பையன். நியாயமான கேள்வி. முறை வைத்துப் பார்க்க ஏழு பேராவது வேண்டும், வாரத்தில் ஆளுக்கு ஒரு ராத்திரி. இப்போதைக்கு நான், அவன், ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர் என்று மூன்று பேர் ஆகியிருக்கிறோம். நம் பக்கத்து ஆட்கள் யாருக்காவது முடியும் என்றால் சொல்லுங்கள். கமென்டில் நம்பரைப் போட வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாங்க.