தம்ப்நெயிலுக்கு எந்த ஃபிரேம்?

போன வாரம் நண்பன் ஒருவன் ஒரு ஃபிரேமை அனுப்பி, “இதை மட்டும் கொஞ்சம் ஷார்ப் பண்ணிக் கொடு, தம்ப்நெயிலுக்கு வேணும்” என்றான். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெண்மணியைப் பற்றிய 12 நிமிட வீடியோ அது. நின்றுபோன பழைய கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். அருமையான தருணம்தான், ஆனால் முகம் கலங்கிக் கிடந்தது.

நான் ஷார்ப் பண்ணவில்லை. ஸ்லைடரை ஏற்றினால் கலங்கலின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழுமே தவிர, கேமரா பதிவு செய்யாத கண் இமை திரும்பி வராது. வேறு ஃபிரேம் தேடலாம் என்றேன். “இதைவிட நல்ல சிரிப்பு கிடைக்காதுடா” என்று அவனுக்குக் கோபம்.

முதலில் அது எந்த வகைக் கலங்கல் என்று பார்க்க வேண்டும். கண்ணின் கருவிழியில் விளக்கின் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும் இல்லையா, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி ஒரு பக்கமாகக் கோடு போல இழுபட்டிருந்தால் அசைவால் வந்த கலங்கல். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. ஃபோகஸ் தப்பியிருந்தால் அந்த ஷாட்டையே விட்டுவிடலாம், பக்கத்து ஃபிரேம்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அசைவு என்றால் நம்பிக்கை உண்டு. இவன் எடுத்தது நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. அந்த நேரத்துக்குள் தலை நகர்ந்தால் கோடுதான் விழும். ஆனால் தலை எப்போதும் நகர்ந்துகொண்டே இருப்பதில்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கிறதே, முகமும் அப்படித்தான். சிரிப்பு வெடிப்பதற்குச் சற்று முன், மூச்சை இழுக்கும்போது, ஒரு சொல் முடிந்து அடுத்தது வருமுன் என்று நிற்கும் இடங்கள் நிறைய.

அந்த மூன்று நொடியை மட்டும் மாஸ்டர் ஃபைலிலிருந்து பிரித்தேன். ஏற்கெனவே அப்லோட் செய்த வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், அதில் தோலின் நுணுக்கமெல்லாம் கம்ப்ரஷனில் மெழுகாகியிருக்கும்.

```
ffmpeg -ss 00:07:42 -i master.mov -t 3 f_%03d.png
```

75 படம் வந்தது. அவன் அனுப்பியது 52ஆவது. நான் எடுத்தது 41ஆவது, அதாவது அரை நொடிகூட முன்னால் இல்லை. அதில் அவர் இன்னும் சிரிக்கவே இல்லை. கண் விரிந்திருக்கிறது, உதடு பிரிகிறது, கையில் கடிகாரம். பார்ப்பவருக்கு ‘என்ன ஆச்சு?’ என்று தோன்றும். சிரித்து முடித்த முகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கூர்மையே ஒரு பிரச்சினையாக இல்லாவிட்டாலும் 41தான்.

அடுத்து கிராப். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். தம்ப்நெயில் 1280×720. 4K ஃபிரேம் 3840 பிக்சல் அகலம். முழுசாகச் சுருக்கினால் லேசான கலங்கல் சுருக்கத்திலேயே மறைந்துவிடும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். அதனால் வெட்டி, 1280க்குக் கொண்டுவந்த பிறகுதான் ‘இது ஷார்ப்பா?’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் 1920 அகலம் வைத்தேன். முகமும் கடிகாரமும் அதற்குள் அடங்கின. முதல் கிராப்பில் கடிகாரம் வலது கீழ் மூலைக்குப் போய்விட்டது. அங்கேதான் யூட்யூப் வீடியோவின் நீளத்தைக் கறுப்புக் கட்டத்தில் ஒட்டும். கிராப்பை நகர்த்திக் கடிகாரத்தைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தேன். (படத்தைப் புரட்டிப் போடலாமே என்று நண்பன் ஒரு யோசனை சொன்னான். கடிகாரத்தில் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பும், ஐயா.)

மற்றபடி வேலை குறைவு. முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டினேன், பின்னால் இருந்த அலமாரியை அதே அளவு இருட்டாக்கினேன். ஷார்ப்பனிங் கண்ணுக்கும் கடிகார முள்ளுக்கும் மட்டும், அதுவும் சுருக்கிய பிறகு. அவர் போட்டிருந்த சிவப்பு ஏப்ரனின் நிறத்தைத் தூக்கலாம் என்று ஏற்றியதும் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்தது. பெரும்பாலான கேமராக்கள் வீடியோவில் நிறத்தை வெளிச்சத்தைவிடப் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் பதிகின்றன; அழுத்தமான சிவப்பில் அது உடனே வெளியே தெரிந்துவிடும். இறக்கிவிட்டேன்.

கடைசியாக, படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். கண் தெரிந்தது. கடிகாரம் தெரியவில்லை, ஏதோ பித்தளைப் பொத்தான் மாதிரி இருந்தது. கிராப்பை 1600க்கு இறுக்கினேன். ஒரு காது வெட்டுப்பட்டது, பரவாயில்லை.

நண்பன் இன்னும் அந்தச் சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.