லேப்டாப்பில் அழித்தால் போனிலும் போகுமா?

“லேப்டாப்பில் ஒரு ஃபைலை அழித்தேன், போனிலும் காணோம். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், உஷார்!”

சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. கோயில் திருவிழாக் கணக்கு கூகுள் டிரைவின் சிங்க் ஃபோல்டரில் இருந்தால், லேப்டாப்பும் போனும் காட்டுவது கூகுளின் சர்வரில் உள்ள அதே ஃபைலைத்தான். திருத்தம் போலவே அழிப்பும் ஒரு மாற்றம். லேப்டாப் அதைச் சர்வருக்குச் சொல்லும், சர்வர் போனுக்குச் சொல்லும். போனில் டேட்டா நிறுத்தியிருந்தால் ஃபைலின் பெயர் அங்கே பட்டியலில் இன்னும் தெரியலாம். இணையம் வந்ததும் மறைந்துவிடும்.

பதறாமல் drive.google.com திறந்து Trash பாருங்கள். அங்கே இருந்தால், சரி, Restore அழுத்துங்கள், இரண்டிலும் திரும்பும். ஆனால் 30 நாளில் தானாக நிரந்தரமாக அழிந்துவிடும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். லேப்டாப்பில் இடம் வேண்டுமென்று அழிப்பவர்கள், முதலில் அந்த ஃபோல்டருக்கு வெளியே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.