பதினாறு கீமோவுக்குப் பதினாறு அனுமதி எதற்கு?

மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நான். நோயாளி காசு கட்டாமல் கம்பெனியே நேரடியாக பில்லைக் கட்டுகிற கேஷ்லெஸ் என்றாலே தகராறுதான் என்று பலர் சொல்கிறார்கள். எல்லாக் கேஸிலும் அப்படி இல்லை. பித்தப்பைக் கல், குடலிறக்கம் மாதிரி ஒரு தடவை வந்து படுத்துவிட்டு எழுந்து போகிற கேஸ்களில் இப்போது அனுமதி ஓரளவு சீக்கிரமே வந்துவிடுகிறது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கறாராகச் சொன்னது அதற்கு ஒரு காரணம். உண்மையில் வதைபடுகிறவர்கள் திரும்பத் திரும்ப வந்தே ஆக வேண்டியவர்கள். கீமோ நோயாளிகளும் டயாலிசிஸ் நோயாளிகளும்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். 48 வயது அக்கா ஒருவர், தையல் கடை வைத்திருக்கிறார். மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம் புற்றுநோய்ப் பிரிவில் தினமும் பார்க்கிற ஒன்றுதான். டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு. அது முடிந்ததும் பாக்ளிடாக்சல் வாரம் ஒன்று வீதம் பன்னிரண்டு. ஆக மொத்தம் 16 சிட்டிங், ஏறக்குறைய ஆறு மாதம். இத்தனையும் முதல் நாளே தெரியும். தேதி வரை தெரியும்.

ஆனால் இன்சூரன்ஸ் கணக்கில் இது 16 தனித்தனி அட்மிஷன். ஒவ்வொரு தடவையும் ப்ரீ ஆத் என்கிற முன் அனுமதிக்குப் புதுப் படிவம், அதில் டாக்டர் கையெழுத்து, சீல். பாலிசி அட்டை, ஆதார், பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, போன சிட்டிங்கின் சம்மரி எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். அதே பயாப்ஸி ரிப்போர்ட்டை அதே போர்ட்டலில், அதே பாலிசி எண்ணுக்குக் கீழே பதினாறு முறை.

அவருக்கு ஆறு சிட்டிங் வரை பெரிய பிரச்சினை வரவில்லை. ஏழாவதில் குவெரி வந்தது: “நோய் எப்போதிலிருந்து இருக்கிறது? முதல் கன்சல்டேஷன் சீட்டை அனுப்பவும்.” அந்தச் சீட்டை முதல் ப்ரீ ஆத்திலேயே அனுப்பியாயிற்று. கம்பெனி தரப்பில் அன்றைக்குக் கோப்பைப் பார்த்த மருத்துவர் புதியவர். பழைய ஆறு அனுமதிகளைத் திறந்து பார்க்காமல், இந்தக் கோரிக்கையை மட்டும் தனியாகப் பார்த்திருக்கிறார். நாங்கள் பதில் அனுப்பியதும் ஒரு மணி நேரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். சுற்றறிக்கை போட்ட கெடுவை யாரும் மீறவில்லை. அந்த அக்காவுக்கு மட்டும் அரை நாள் போய்விட்டது.

வெளியே இருப்பவர்களுக்கு இதில் அரை நாள் என்றால் என்ன என்பது புரியாது. அனுமதி வராமல் பார்மசியில் மருந்தைக் கலக்க மாட்டார்கள், ஏனென்றால் விலை உயர்ந்த அந்த மருந்தைக் கலந்துவிட்டால் ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. கலந்த பிறகும் ஒவ்வாமை வராமலிருக்க ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, அப்புறம்தான் பாக்ளிடாக்சல் ஏறும். டே கேர் சாயங்காலம் மூடிவிடும். மதியம் மூன்று மணிக்கு அனுமதி வந்தால் “நாளைக்கு வாங்கம்மா” என்பதுதான் பதில். நாளைக்கு என்பது ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் அது திங்களாகும். ரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது என்று டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்வார். கூட வந்த கணவருக்கு இன்னொரு நாள் கூலி போகும்.

என் கோபம் காகித வேலை மேல் இல்லை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒவ்வொரு சிட்டிங்கிலும் உண்மையில் மாறக்கூடிய விஷயம் ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு பொதுவாக 1500-க்கு மேல் இருக்கிறதா, பிளேட்லெட் போதுமா, நோயாளி எடை குறைந்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் டாக்டர் “இன்றைக்குப் போடலாம்” என்கிறார். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளுவார், இல்லை அளவைக் குறைப்பார். இதைப் பற்றி எனக்கு, கம்பெனிக்காகக் கோப்புகளைப் பார்க்கிற டிபிஏயிடமிருந்து குவெரி வந்ததாக ஞாபகமே இல்லை. வருவதெல்லாம் மாறவே மாறாத விஷயங்களைப் பற்றி: பயாப்ஸி, முதல் சீட்டு, நோய் வந்த தேதி. மாறுவதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார், மாறாததைக் கம்பெனி பதினாறு முறை பார்க்கிறது. இப்படிப் பார்ப்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு?

டயாலிசிஸில் இது இன்னும் அபத்தம். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 156. நம் ஊரில் பலர் செலவுக்குப் பயந்து வாரம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அப்போதும் 104. கடைசி நிலையான ஐந்தாம் நிலைக்குப் போன சிறுநீரகம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சரியாகிவிடாது. நான் பார்த்த சில டிபிஏக்கள் மாதத்துக்கு ஒரே ப்ரீ ஆத் வாங்கிக்கொள்கிறார்கள், மாதக் கடைசியில் ஒரே பில். ஆக இது நடக்காத காரியம் இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பாம்புக்கடி, கடுமையான தொற்று, இப்படி ஏதாவது ஒன்றால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களுக்கு அது திரும்பி வர வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு ஆறு மாத அனுமதி கேட்பது நியாயமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கட்டும்.

கம்பெனிக்காரர்கள் சொல்கிற பயம் ஒன்று உண்டு. மொத்தமாக அனுமதி கொடுத்தால், செய்யாத சிட்டிங்குக்கும் பில் வந்துவிடும் என்பது. பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான கடிவாளம் அனுமதியில் இல்லை, பில்லில் இருக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஒரு தாள் உண்டு: மெஷினில் போட்ட நேரம், எடுத்த நேரம், முன்னும் பின்னும் எடை, மணிக்கு மணி ரத்த அழுத்தம். கீமோவுக்கு மருந்தின் பேட்ச் எண் ஒட்டிய சார்ட் உண்டு. அதைக் கேளுங்கள், நோயாளியின் போனுக்கு ஓடிபி அனுப்புங்கள். அமெரிக்காவில் முதியவர்களுக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில், ஒரு சிகிச்சைத் தொடருக்குக் கொடுத்த முன் அனுமதி மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் காலம் வரை செல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. முன் அனுமதித் தொல்லைக்குப் பேர்போன நாட்டிலேயே இது வந்துவிட்டது.

விதி வரும் வரை உட்கார்ந்திருக்க முடியாது என்பதால், நோயாளிகள் தாங்களே கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம். “எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி கொடுங்கள்” என்று ஒரு வரி மெயில் போட்டால் “பாலிசி விதிப்படி பரிசீலிக்கப்படும்” என்று பதில் வரும், அவ்வளவுதான். டாக்டரிடம் ஒரு பக்கத்துக்குச் சிகிச்சைத் திட்டம் எழுதி வாங்குங்கள். மருந்துகளின் பெயர், எத்தனை சிட்டிங், என்ன இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் உத்தேசத் தேதி, ரத்த எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு வாரம் முன்பின் ஆகலாம் என்ற குறிப்பு, ஒரு சிட்டிங்குக்கு உச்சபட்சச் செலவு. வெள்ளணு ஏற்றும் ஊசி தேவைப்படலாம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் இது, அப்புறம் அந்த ஊசிக்குத் தனியாக அலைவார்கள். டிராஸ்டுசுமாப் மாதிரி மருந்து இருந்தால் அதைத் தனி வரியில் காட்டுங்கள். பல பாலிசிகளில் அது கீமோ கணக்கில் வராமல் இம்யூனோதெரபி என்ற தலைப்புக்குப் போகும், அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம்.

மெயிலை டிபிஏக்கு மட்டும் அனுப்பாதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிடம், டிபிஏ அவர்கள் சொன்னபடி கோப்பைப் பார்க்கிற இடம்தான். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பி, டிபிஏக்கும் எங்களுக்கும் நகல் போடுங்கள். ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் ஹெச்ஆரைப் பிடியுங்கள். நூறு பேருக்கு பிரீமியம் கட்டுகிறவர்கள் கேட்டால் கிடைக்கிற மரியாதையே வேறு.

இன்னொரு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். மொத்த அனுமதி கேட்கும்போது மொத்தத் தொகையையும் முடக்கிவைக்க விட்டுவிடக் கூடாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: குடும்பத்துக்கே சேர்த்து 5 லட்சம் பாலிசி. ஆபரேஷனுக்கு 1,80,000 போய்விட்டது, மீதி 3,20,000. முதல் நான்கு சிட்டிங் தலா 15,000, அடுத்த பன்னிரண்டும் தலா 12,000 என்றால் மொத்தம் 2,04,000. இதை முதல் நாளே ஒதுக்கிவிட்டால், செய்யாத கீமோவுக்கான பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், கையில் நிற்பது 1,16,000 மட்டும். கீமோ போட்ட பத்துப் பதினான்கு நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் வந்தால் அது வீட்டில் பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்கிற காய்ச்சல் இல்லை, அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும், சில சமயம் ஐசியூ. அந்த நேரத்தில் பாலிசியில் இருப்பு இல்லை என்று வந்து நின்றால் கொடுமை. அதனால் “சிகிச்சைத் திட்டத்துக்கு ஒரே அனுமதி, தொகை மட்டும் சிட்டிங்வாரியாகக் கழிக்கவும்” என்று அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பாலிசி முடிகிற தேதியையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த அனுமதியும் அதைத் தாண்டாது. பத்தாவது சிட்டிங் அந்தத் தேதிக்கு அப்புறம் விழுகிறதென்றால், ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பித்துவிட்டு, மீதி ஏழுக்கும் புது பாலிசி எண்ணில் மறுபடி ஒரு கோரிக்கை போட வேண்டும்.

கம்பெனி மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம். காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். ஆனால் சிகிச்சையை அதற்காக நிறுத்தாதீர்கள். புகார் ஒரு பக்கம் போகட்டும், அடுத்த சிட்டிங்குக்கு வழக்கம்போல ப்ரீ ஆத் போடச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு எட்டாவது சிட்டிங் முடிந்தபோது அவர் மகன் இந்த மாதிரி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். மீதி எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி தரக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. மீதியிருந்த எட்டை இரண்டு நான்காகப் பிரித்து, நான்குக்கு ஒரு அனுமதி என்று கொடுத்தார்கள். நான் கேட்பதில் பாதிதான் அது. அந்த எட்டு வாரமும் காலை பத்து மணிக்கு முன்னால் அவருக்கு ட்ரிப் ஏறிவிட்டது.