நன்றி சொல்கிற இடத்தில் தள்ளுபடி எதற்கு?

மறுபடியும் அதே கதைதான். வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பப் பண்டிகை வாழ்த்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதன் வாலில் "இன்றே வாங்குங்கள், 20% தள்ளுபடி!" என்று ஒட்டியிருந்தது. கேட்டால், "ஒரே ஒரு வரிதானே" என்கிறார் மேலாளர். அந்த ஒரு வரிதான் மேலே இருக்கிற எல்லா வரியையும் கொல்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

முதலில் என்னிடம் வந்த பழைய வாழ்த்து இது: "அன்பார்ந்த வாடிக்கையாளரே! இந்தப் பண்டிகையை எங்களோடு கொண்டாடுங்கள்! அதிரடிச் சலுகைகள்! இன்று மட்டுமே! உடனே முந்துங்கள்!" இதில் சலுகை பற்றிய வார்த்தைகளை அடித்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் என்ன இருக்கிறது? கொண்டாடுங்கள், முந்துங்கள் என்று வாசிப்பவரை வேலை வாங்குகிற வினைகள் மட்டும்தான். நன்றி என்ற சொல்லே கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும், எந்த வருடம் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால்தான் யாரும் அதைப் படிப்பதில்லை.

அதனால் வார்த்தையை மெருகேற்றுவதை விட்டுவிட்டு, இந்த வருடம் அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று போய் விசாரித்தேன். குறைதீர்ப்பில் இருப்பவர்களிடம் கேட்டதும் உடனே சொன்னார்கள். இரண்டு மாதம் பொருள் வந்து சேரத் தாமதமாயிற்று, ரத்து செய்திருக்கலாம், பெரும்பாலானோர் செய்யவில்லை, காத்திருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? எழுதினேன்:

"வணக்கம். இந்த வருடம் பொருள் தாமதமான இரண்டு மாதமும் எங்களை விட்டுப் போகாமல் காத்திருந்தீர்கள். அதற்கு நன்றி. பண்டிகை வாழ்த்துகள்."

குறுஞ்செய்தியில் தமிழுக்கு இடம் எவ்வளவு குறைவு என்று எழுதியவர்களுக்குத் தெரியும். ஒரு செய்திக்கு 70 இடம்தான், அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொரு துண்டுக்கும் 67. புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனி இடம், நமக்கு மூன்று எழுத்தாகத் தெரிகிற 'நன்றி' அங்கே ஐந்து. நான் எழுதியது இடைவெளியோடு 128, இரண்டு துண்டுக்கான 134-க்குள் அடங்கிவிட்டது. ஆனால் கீழே ஒரு மனிதரின் பெயர் வேண்டுமே! "குழுவினர்" என்று போட்டால் நன்றி யாருடையது என்றே தெரியாது. அதனால் 'வணக்கம்' என்பதை மனசில்லாமல் எடுத்தேன். மீந்த 15 இடத்தில் உரிமையாளரின் பெயரைப் போட்டேன். இவ்வளவு பாடுபட்டு ஒவ்வொரு புள்ளியையும் எண்ணி வைத்த இடத்தில்தான், மேலாளர் கொண்டுவந்து, முன்னால் விடுகிற இடைவெளியோடு 33 இடம் பிடிக்கிற தள்ளுபடியைச் சேர்க்கிறார்! செய்தி மூன்றாவது துண்டுக்குத் தாவுகிறது, துண்டுக்கு இவ்வளவு என்றுதானே கட்டணம், அதுவும் கூடுகிறது.

சரி, காசை விடுங்கள். "தாமதமானபோது காத்திருந்தீர்கள், நன்றி" என்று படித்து ஒருவர் மனம் இளகுகிற நொடியில், "இன்றே வாங்குங்கள்" என்று வந்தால் அவருக்கு என்ன தோன்றும்? முன்னால் சொன்ன நன்றி தூண்டிலில் கோத்த புழு என்றுதான் தோன்றும். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு நாள் முன்னாலேயே சலுகைச் செய்தியைத் தனியாக அனுப்புங்கள், "சலுகை" என்றே தலையில் போட்டு அனுப்புங்கள், வேண்டியவர் வாங்குவார். அதில் ஏமாற்று இல்லை. நன்றியை மட்டும் தனியாக விடுங்கள், இணைப்பு வேண்டாம், பொத்தான் வேண்டாம். யாராவது பதிலுக்கு வாழ்த்து அனுப்பினால் அதைப் படிக்க ஒரு ஆள் இருக்கட்டும்.

அப்புறம் பட்டியல். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே வயிறெரிந்தது. பொருள் இன்னும் போய்ச் சேராதவர்கள், பணம் திரும்பக் கேட்டுக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். காத்திருந்ததற்கு நன்றி என்று, இன்னமும் காத்திருக்கிறவருக்கா அனுப்புவது? தீராத புகார்களோடு ஒப்பிட்டு நாற்பது பேரைத் தனியே எடுத்தேன். அவர்களுக்குத் தேவை வாழ்த்து இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பு. மறுநாள் பார்த்தால், "எண்ணிக்கை குறைகிறதே" என்று நாற்பது பேரையும் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் வாதாடி, தள்ளுபடியை எடுக்கவைத்து, அந்த நாற்பது பேரையும் வெளியே எடுக்கவைத்து, அப்பாடா என்று உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். அனுப்பும் நேரம் அதிகாலை 4:30 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அதிகாலை! பண்டிகை நாளில் தூங்குகிறவரை எழுப்பி நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றியதோ.