காதில் விழாததைக் கேட்டு வாங்கும் முறை

பேச்சின் நடுவே ஒரு சொல் காதில் விழாமல் போனால், தலையை ஆட்டிவிட்டு, அடுத்து வரும் பேச்சிலிருந்து விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இதற்குக் கூச்சம்தான் காரணம் என்பார்கள். கூச்சம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், எப்படிக் கேட்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தராததே என்று நான் கருதுகிறேன். "என்ன?" என்ற ஒற்றைக் கேள்வியைத் தவிர வேறு வழி தெரியாதவருக்கு, அதை இரண்டாம் முறை கேட்பதற்குத் துணிவு வராது.

முதலில், இப்படிக் கேட்பது அரிதாக நடக்கும் ஒன்று அன்று. மொழியியல் ஆய்வாளர் மார்க் டிங்கமான்சேயும் அவருடைய குழுவினரும் 12 மொழிகளில் இயல்பாக நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் "என்ன சொன்னீர்கள்" என்ற பொருளில் பேச்சை நிறுத்திக் கேட்கிறார் என்று கண்டறிந்தார்கள். அதாவது, ஒரு மணி நேரம் பேசும் இருவருக்கிடையே இது நாற்பது முறைக்கு மேல் நடக்கக்கூடும். நாம் வெட்கப்படும் செயலை எதிரில் இருப்பவரும் இடைவிடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறார். அது பேச்சோடு கலந்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த ஆய்வு, கேட்கும் முறைகளை மூன்றாகப் பிரிக்கிறது. "என்ன?" என்று முழுவதையும் திரும்பக் கேட்பது ஒன்று. "யாரிடம்?", "எந்தக் கிழமை?" என்று விட்டுப்போன இடத்தை மட்டும் சுட்டிக் கேட்பது இன்னொன்று. "வியாழக்கிழமையா?" என்று தாம் புரிந்துகொண்டதைச் சொல்லி உறுதி கேட்பது மூன்றாவது. எந்த மொழி பேசுபவரானாலும், தம்மால் எவ்வளவு குறிப்பாகக் கேட்க முடியுமோ அவ்வளவு குறிப்பாகவே கேட்க முனைகிறார்கள் என்பது அதில் தெரிய வந்தது. குறிப்பாகக் கேட்டால் மறுமொழி சொல்பவருக்கு உழைப்பு குறைகிறது. "என்ன?" என்ற கேள்வி அவருடைய வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரைச்சல் மிகுந்த இடத்தில் தொலைபேசியில் ஒருவர் சொல்கிறார்: "திங்கட்கிழமை ஆறு மணிக்குள் அந்தப் பழைய கோப்பைக் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள்." உங்களுக்குக் "கணக்குப் பிரிவில்" என்பது மட்டும் கேட்கவில்லை. நீங்கள் "என்ன?" என்றால் அவர் முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்வார், உங்களுக்குத் தேவைப்படாத ஏழு சொற்களுக்கு நடுவே தேவையான சொல் மறுபடியும் இரைச்சலில் மூழ்கலாம். எது கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியாததால், அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்தவும் அவரால் முடியாது. மாறாக, "திங்கட்கிழமை ஆறு மணிக்குள் பழைய கோப்பு, சரி, யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி ஓரிரு சொல்லில் தெளிவாக வந்துவிடும். அத்துடன் கிழமையும் நேரமும் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதும் உறுதியாகிவிடுகிறது. கேட்டது ஏழு சொல், விட்டது இரண்டு என்று காட்டும் ஒருவரைக் கவனமில்லாதவர் என்று யார் நினைப்பார்கள்? கூச்சத்துக்கு நான் அறிந்த நல்ல மருந்து இதுதான்.

வானொலியில் பேசும் விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். "சே அகெய்ன்" என்றால் திரும்பச் சொல் என்று பொருள். அதனுடன் "ஆல் ஆஃப்டர்" என்று சேர்த்து, தாம் கடைசியாகத் தெளிவாகக் கேட்ட சொல்லைச் சொன்னால், அதற்குப் பின்னால் வந்தவற்றை மட்டும் திரும்பச் சொல் என்று ஆகிறது. அங்கே யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. "ரோஜர்" என்ற சொல்லுக்கு முழுச் செய்தியும் வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டிய செய்திகளுக்கு அது போதாது. நாம் அன்றாடம் போடும் "ம்"மும் அத்தகையதே. நாம் சும்மா போட்டாலும், எதிரில் இருப்பவர் அதை வந்து சேர்ந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் அடுத்த செய்தியைக் கட்டத் தொடங்கிவிடுகிறார். அதனால்தான் உடனே கேட்பது எளிதாகவும், மூன்று வாக்கியம் கழித்துக் கேட்பது கடினமாகவும் இருக்கிறது. அப்படித் தாமதமாகிவிட்டாலும் வழி இருக்கிறது: "சற்று முன் கோப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த இடத்தை நான் தவறவிட்டேன்" என்று இடத்தைப் பெயர் சொல்லித் திரும்பலாம். "நீங்கள் சொன்னது எதுவுமே புரியவில்லை" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேட்கவில்லை என்பதையும் புரியவில்லை என்பதையும் நாம் கலந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் தீர்வு வேறு. கேட்காதவருக்கு அதே சொற்கள் தெளிவாக வர வேண்டும். புரியாதவருக்கு வேறு சொற்கள் வர வேண்டும். புரியாத ஒருவர் "என்ன?" என்று மட்டும் கேட்டால், பேசுபவர் அதே கடினமான வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்கிறார், இருவருக்கும் எரிச்சல் மிஞ்சுகிறது. "கேட்டது, ஆனால் 'முன்தேதியிட்டு' என்றது எனக்குப் பிடிபடவில்லை" என்று சொன்னால் அவர் உடனே விளக்கத்துக்கு மாறுவார். இன்னும் உறுதி வேண்டுமானால், புரிந்ததை நம் சொற்களில் திருப்பிச் சொல்லலாம். மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளியிடம் இதைக் கேட்டு வாங்கும் முறை பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலும் "புரிந்தது" என்ற மறுமொழியே வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வயது கூடும்போது வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்குகிறது. உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். ச, ஸ போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவும். அதனால் பேசுவது கேட்கிறது, சொல் மட்டும் பிடிபடவில்லை என்று அவர்கள் சொல்வது சாக்கு அன்று. அவர்களிடம் கத்துவதால் பயன் குறைவு. ஏற்கெனவே கேட்கும் ஒலிகளே மேலும் பெரிதாகின்றன. அவர்கள் கேட்க வேண்டியது "கொஞ்சம் நிதானமாக, என் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்" என்பதே. இருமுறை கேட்டும் பிடிபடவில்லை என்றால், மூன்றாம் முறையும் அதே வழியில் கேட்பதை விட்டு, இடத்தை மாற்றலாம், எழுதித் தரச் சொல்லலாம், எண்ணாக இருந்தால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்லலாம். அறுபதா எழுபதா என்ற குழப்பம் "ஆறு, பூஜ்யம்" என்றவுடன் தீர்ந்துவிடும்.

பேசுபவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. யாராவது திரும்பக் கேட்கும்போது "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லாதீர்கள். காது மந்தமானவர்களைப் பேச்சிலிருந்து வெளியே தள்ளுவதில் இதைவிடக் கொடிய சொல் இல்லை. நீங்கள் சொன்னது அற்பமான வேடிக்கைப் பேச்சாகவே இருக்கலாம். அது அற்பமானதா என்று முடிவு செய்யும் உரிமை, அதை முழுமையாகக் கேட்டவருக்கு மட்டுமல்ல, கேட்காமல் போனவருக்கும் இருக்கிறது. எனவே அந்த ஒரு வாக்கியத்தை, சுருக்கிவிடாமல், முழுமையாக மறுபடி சொல்லுங்கள்.